டப்பா டாக்டர் லூர்துசாமி

நெய்வேலி டவுன்ஷிப்பில் லூர்துசாமி என்று கேட்டால் எந்த லூர்துசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். டப்பா டாக்டர் என்று கேட்டுவிட்டால் போதும், நேராகக் கொண்டுபோய் அவருடைய குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்திவிடுவார்கள். படிப்பு ஐ.டி.ஐ. ஃபிட்டர். வேலை, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். டாக்டர் என்பது அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டம். பட்டமளிப்பு விழா ஒன்றுதான் பாக்கி இருந்தது. 2017 நவம்பரில் அதையும் அவரே ஏற்பாடு செய்துகொண்டார்.

பிறந்தது காடாம்புலியூர். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்கள் வெந்து தோலுரிந்து கிடக்கும். அதற்கு மருந்து என்று எதையும் அந்த வீட்டில் யாரும் வாங்கியதில்லை. இதெல்லாம் நினைவில் இருந்த மனிதர், வேலை பர்மனென்ட் ஆகி, மெடிக்கல் புக் என்ற ஒன்று கைக்கு வந்து, ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் சும்மாவே மாத்திரை கொடுத்த அன்று கண் கலங்கிவிட்டார். அந்தக் கலக்கம் உண்மையானது, அதில் நக்கலடிக்க ஒன்றுமில்லை. நக்கலெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதுவார். இவருக்கு இரண்டாம் நாளே உடம்பு தேறிவிடும். தேறின உடம்புக்கு மாத்திரை போடுவது, நின்றுபோன பெல்ட்டில் நிலக்கரியைக் கொட்டுவது போல வீண் என்பது அவர் கட்சி. மிச்சம் மூன்று நாள் மாத்திரை டப்பாவுக்குப் போகும். துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த நீல நிற பிஸ்கட் டப்பா அது. பல் பிடுங்கியதில் மிஞ்சியது, காலில் சீழ் வைத்தபோது மிஞ்சியது, மனைவி மார்த்தாளுக்கு நீர்க்கடுப்பு வந்தபோது மிஞ்சியது என்று இருபது வருஷத்தில் டப்பா மூடி மூடமாட்டேன் என்றது. மாத்திரை அட்டையில் பேரும் தேதியும் இருந்த ஓரத்தைத்தான் முதலில் கத்தரிப்பார் என்பதால் எது என்ன மாத்திரை என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். லூர்துசாமிக்கு நிறம் போதும். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் கப்ஸ்யூல் என்றால் சளி.

சளி வைத்தியத்தில்தான் அவர் புகழ் கொடிகட்டிப் பறந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒருவர் வந்தால், காலை ஒன்று மாலை ஒன்று என்று மூன்று நாளைக்கு எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ மூக்கு சரியாகிவிடும். சரியான மூக்கோடு ஆள் வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போவார். தெருவில் இவரிடம் வராதவர்களுக்கும் அதே ஏழு நாளில்தான் சளி போனது. அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை, டாக்டரும் பார்க்கவில்லை.

அசல் டாக்டர்கள் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. ஒருமுறை தமக்கே சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் காந்திமதி தொண்டையைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இருந்தால் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதி, நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், தானாகப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இருபத்தாறு வருஷ சர்வீஸ் உள்ள பர்மனென்ட் தொழிலாளிக்குக் கிடைத்தது தண்ணீரும் தூக்கமும் என்று ஷிஃப்ட் பஸ்ஸில் ஒரு வாரம் புலம்பினார். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து தமக்குத் தாமே வைத்தியம் பார்த்துக்கொண்டார். ஏழாம் நாள் குணமானார். யார் கெட்டிக்காரர் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

டப்பாவின் பெரும் பயனாளிகள் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். அவர்களிடம் மெடிக்கல் புக் ஏது? அதே சுரங்கத்தின் தூசியை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டாலும் மூக்குக்கு வைத்தியம் அவரவர் பாடு. ஆகவே பர்மனென்ட்காரர் போட்டு மிஞ்சியது கான்ட்ராக்ட்காரருக்கு மருந்தானது. இதை லூர்துசாமி தர்மம் என்று சொல்வார். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார், கேன்டீனில் பக்கத்து மேசைக்குக் கேட்கிற அளவுக்கு.

அப்படி வந்தவர்களில் ஒருவன் வளவன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். தெருவிளக்கு, பள்ளிக்கூட ஃபேன், விழா என்றால் மைக் செட் எல்லாம் அவன் கையில்தான். லூர்துசாமி மேல் அவனுக்கு அப்படியொரு மரியாதை. அவன் வீட்டு வாசலில் ஒரு கொய்யா மரம் நின்றது. அது காய்க்கும் காலமெல்லாம் ஒரு பை கொய்யா டப்பா டாக்டர் வீட்டுக்கு வந்துவிடும்.

2017 ஆகஸ்டில் அவனுடைய நாலு வயது மகள் எழில்மதிக்குச் சளி பிடித்தது. லூர்துசாமி தயங்கவே இல்லை. பெரியவர்களுக்கான கப்ஸ்யூலைத் திறந்து, பாதிப் பொடியைத் தேனில் குழைத்து, காலையும் மாலையும் கொடு என்றார். பாதி என்பது அவருடைய குழந்தை வைத்தியத் துறை. மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பண்ருட்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கிருந்து வளவன் போன் செய்தான். இங்கே டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்கிறார், என்ன சொல்ல என்று கேட்டான்.

லூர்துசாமிக்குப் பயம் வந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. மாத்திரை விஷயத்தைச் சொல்லாதே, உன்னைத்தான் திட்டுவார்கள் என்றார். சளி பிடித்த குழந்தை கொய்யாப்பழம் தின்றால் வயிற்றால் போகாமல் என்ன செய்யும், எல்லாம் அந்தக் கொய்யா பண்ணின வேலை என்றார். வளவன் சரிங்கண்ணே என்றான். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தது. சளியும் போயிருந்தது. ஆகவே டப்பாவின் வெற்றிப் பட்டியலில் எழில்மதி பெயரும் ஏறியது.

ஆனால் அதன் பிறகு கொய்யா வருவது நின்றுவிட்டது. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது, ஒரு பிஞ்சுகூட இல்லை. காரியம் ஆகிற வரைக்கும்தான் அண்ணன், அண்ணன் என்பார்கள் என்று லூர்துசாமி மார்த்தாளிடம் மனக்குறைப்பட்டார். நன்றி கெட்ட காலம் என்று ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். ஆகஸ்டில் வளவனிடம் போனில் அவர் பேசியது அன்று அடுப்படியில் இருந்த அவளுக்கும் கேட்டது, ஹாலில் படித்துக்கொண்டிருந்த மகள் எவாஞ்சலினுக்கும் கேட்டது.

எவாஞ்சலின் ஒன்பதாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் நவம்பரில் ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம் என்று ஒரு விழா வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் டாக்டர் காந்திமதி. மாணவர் பேச்சு மூன்று நிமிடம். உயிரியல் டீச்சர் ருக்குமணி அதற்கு எவாஞ்சலினைத் தேர்ந்தெடுத்து, சளிக்கு ஏன் ஆன்டிபயாடிக் கேட்காது என்ற தலைப்பைக் கொடுத்தார்.

பெற்றோர் சங்கச் செயலாளர் குஞ்சிதபாதம் லூர்துசாமியுடைய ஷிஃப்ட்காரர். அழைப்பிதழில் ஆன்டிபயாடிக் என்ற சொல்லை மட்டும் பார்த்தார். மருந்து விழாவில் மருந்து கொடுக்கிற மனிதருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினால் பொருத்தமாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது என்பது மரியாதைக்கு. தோன்ற வைத்தது லூர்துசாமி. இரண்டு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தச் சமூகம் சேவை செய்கிறவனை உயிரோடு இருக்கும்போது கண்டுகொள்வதில்லை என்று பொதுவாகப் பேசிக்கொண்டே வந்தார். பொன்னாடையைக்கூட அவரே பார்த்து எடுத்துக்கொண்டு வந்தார், தமக்குப் பச்சை நிறம் ஆகாது என்பதால்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் எவாஞ்சலினுக்கு நல்ல சளி. மூக்கு அடைத்து, குரல் கட்டிப்போயிருந்தது. லூர்துசாமி பதறிப்போனார். தம் மகள் மேடையில் கரகரப்பதா? டப்பாவைத் திறந்து சிவப்பு மஞ்சளை எடுத்து நீட்டினார்.

"வேணாம்ப்பா," என்றாள் அவள்.

காலையில் குரல் மணி மாதிரி இருக்கும் என்றார். அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். மார்த்தாள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், அதை வாங்கிக் குடித்தாள். பிறகு தயங்கிக்கொண்டே, நான் பேசப்போவதை ஒருதரம் கேளுங்களேன் என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் அப்போது நாளைக்குப் போடுகிற சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே தம் ஏற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். நாலு பக்க ஏற்புரை. மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

அவள் போகவில்லை. "வளவன் அண்ணன் பாப்பாவுக்கு நடந்தத அதுல சொல்லலாமாப்பா?" என்று கேட்டாள்.

லூர்துசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகள் வாயால் தம் கைராசி ஊருக்குத் தெரியப்போகிறது. ஆனாலும் பெரிய மனிதருக்கு அடக்கம் வேண்டாமா?

"சொல்லு. ஆனா பேரச் சொல்லாத, நம்ம பேரும் வேணாம். தற்பெருமை மாதிரி ஆயிடும்," என்றார்.

அவள் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை அவர் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளி அரங்கத்தில் முன்வரிசை நடு நாற்காலி அவருக்கு. மடியில் நீல டப்பா. மேடையில் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தார். மேடை ஓரத்தில் வளவன் மைக் செட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். கொய்யா விஷயம் மனதில் இருந்ததால் லூர்துசாமி தலையை லேசாக மட்டும் அசைத்தார்.

எவாஞ்சலின் வந்தாள். வளவன் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்தான். முதல் காரியமாக அவள் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சளி பிடித்து இன்றோடு மூன்று நாள். மாத்திரை எதுவும் போடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். சாதாரண சளி வைரஸால் வருகிறது. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவைத்தான் தாக்கும். இரண்டும் ஒன்றில்லை. பாக்டீரியா சொந்தக் குவார்ட்டர்ஸ் உள்ள ஆள் மாதிரி. அதற்குச் சுற்றிலும் சுவர் உண்டு, உள்ளே சமையல் உண்டு. சில ஆன்டிபயாடிக் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்யும், சில அந்தச் சமையலைக் கெடுக்கும். வைரஸுக்குச் சுவரும் இல்லை, அடுப்பும் இல்லை. அது நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து நம் அடுப்பிலேயே சமைத்துக்கொள்ளும். வீடே இல்லாதவன் வீட்டுச் சுவரை எப்படி இடிப்பது?"

டாக்டர் காந்திமதி நிமிர்ந்து உட்கார்ந்தார். லூர்துசாமி இன்னும் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தார். அவர் காதில் குவார்ட்டர்ஸ் என்ற சொல் மட்டும்தான் விழுந்திருந்தது.

"அப்படியென்றால் மாத்திரை போட்டவர்களுக்குச் சளி எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். சளி இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். பிறகு தானாகக் குறையும், பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் போய்விடும். விரட்டுவது நம் உடம்பு. நாம் தாங்க முடியாத அந்த மூன்றாம் நாளில் மாத்திரை போடுகிறோம், குறைந்ததும் பெயரை மாத்திரைக்குக் கொடுத்துவிடுகிறோம். சளி மஞ்சளாக வந்தாலும், அது மட்டுமே ஆன்டிபயாடிக் போடக் காரணம் ஆகாது."

புன்னகை இந்த இடத்தில்தான் கொஞ்சம் கழன்றது. பின்வரிசையில் அவருடைய பழைய நோயாளி ஒருவர் செருமினார்.

"சும்மா ஒரு மாத்திரைதானே, போட்டால் என்ன என்பார்கள். நம் உடம்புக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது, பெரும்பாலும் நமக்கு உதவி செய்கிறவை. வைரஸைத் தொட முடியாத மருந்து அவற்றைத் தாக்கும். மருந்துக்குச் சாகிறவை செத்துவிடும், தாக்குப்பிடிக்கிறவை மிஞ்சிப் பெருகும். மருந்துக்குப் பழகிப்போவது நம் உடம்பு இல்லை, பாக்டீரியாதான். நாளைக்கு அந்த மருந்து உண்மையிலேயே தேவைப்படும்போது அது கேட்காமல் போகலாம். ஒருவருக்கு எழுதினதை மிச்சம் வைத்து இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. எனக்கு ஒரு குழந்தையைத் தெரியும். நாலு வயது. சளிக்குப் பெரியவர்களின் கப்ஸ்யூலைத் திறந்து பாதி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வயிற்றால் போய், குளுக்கோஸ் ஏற்றினார்கள். வயிற்றில் இருக்கிற நல்ல பாக்டீரியா சாவதால் அப்படி ஆவது உண்டு. ஆனால் என்ன மாத்திரை என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டாக்டருக்குக் காரணம் தெரிந்திருக்கும். கொடுத்தவர் அன்பாகத்தான் கொடுத்தார். எனக்கும் அன்பாகத்தான் கொடுத்தார்."

இங்கே அவள் குரல் உடைந்தது. சளியால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். லூர்துசாமிக்கு மட்டும் தெரிந்தது. மடியிலிருந்த டப்பா திடீரென்று கனத்தது. மேடை ஓரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். வளவன் வயர்களைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சளிக்கு ஓய்வு வேண்டும், தண்ணீர் வேண்டும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் நாள் கணக்கில் விடாவிட்டாலோ, குழந்தை சாப்பிடாமல் துவண்டு போனாலோ டாக்டரிடம் போக வேண்டும். டப்பாவிடம் போகக் கூடாது. நன்றி, வணக்கம்."

மூன்று நிமிடம் முடிந்ததற்கு மணி அடித்தது. கைதட்டல் அடங்க நேரமானது. டாக்டர் காந்திமதி எழுந்து நின்றே தட்டினார்.

ஆபத்து அதோடு முடிந்திருக்கும், குஞ்சிதபாதம் என்ற ஒருவர் இல்லாவிட்டால். அவர் ஒன்றைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டால் உலகமே அழிந்தாலும் அதைப் படித்து முடிக்கிற ஜாதி. எழுந்தார், கண்ணாடியைப் போட்டார், படித்தார். சளி, இருமல் என்று வருகிறவர்களுக்கெல்லாம் இருபது ஆண்டுகளாக ஆன்டிபயாடிக் மாத்திரைகளை இலவசமாக வாரி வழங்கி வரும் கொடைவள்ளல் லூர்துசாமி அவர்களுக்குச் சிறப்பு விருந்தினர் பொன்னாடை அணிவிப்பார் என்றார். பிறகு பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஆரம்பித்த சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. ருக்குமணி டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

ஓடிப்போவதற்கு வழி இல்லாததால் லூர்துசாமி மேடைக்குப் போனார். டாக்டர் காந்திமதி பொன்னாடையைப் பிரித்து ஒழுங்காகவே போர்த்தினார். அதன் பிறகு டப்பாவைக் கையில் வாங்கித் திறந்து, இரண்டு விரலால் கிளறிப் பார்த்தார். இது எதுவும் இனிமேல் யார் வாய்க்கும் போக வேண்டாம், ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் கொடுத்துவிடுங்கள், நான் சொல்லி வைக்கிறேன் என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது லூர்துசாமிக்கு.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். மைக் இன்னும் எவாஞ்சலின் உயரத்தில் இருந்தது. அதை ஏற்றிவிட வளவன் மேடைக்கு வந்தான். சுவிட்சை அணைத்துவிட்டு, திருகைத் தளர்த்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினான்.

"பாப்பா சொன்னது எங்க எழிலத்தானண்ணே?"

லூர்துசாமி ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

வளவன் மைக்கை அவர் வாய்க்கு நேராக நிறுத்தித் திருகை இறுக்கினான். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குரலில் அது இல்லை.

"நீங்க கொய்யாதான்னு சொன்னீங்களா, வூட்டுக்கு வந்த அன்னிக்கே மரத்த வெட்டிட்டேங்கண்ணே. காயும் பிஞ்சுமா நின்னுகினு இருந்துச்சி. அதப் புடிச்சிக்கினு எழிலு அழுதா. உன் உயிருக்கே ஒலை வச்சிருக்கும்டின்னு சொல்லி வெட்டிட்டேன். அதான் உங்களுக்குக் கொண்டாந்து குடுக்க முடியல."

சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கிப்போனான்.

லூர்துசாமி நின்றார். தோளில் பொன்னாடை இருந்தது, பையில் நாலு பக்க ஏற்புரை இருந்தது. இரண்டு மாதமாக அந்தப் பையனை நன்றி கெட்டவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்தது. அரங்கம் காத்திருந்தது. முன்வரிசையில் எவாஞ்சலின் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, அழுத கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் காகிதத்தை எடுக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"கொய்யா மேல ஒரு தப்பும் இல்ல, வளவா," என்றார்.

அரங்கத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டப்பா டாக்டர் ஏதோ நகைச்சுவை சொல்கிறார் என்று நினைத்து மறுபடியும் சிரித்தார்கள். மேடை ஓரத்தில் வளவன் சிரிக்காமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.